கல்யாணப் பத்திரிகையின் கரையில் ஒரு வெள்ளைக் கோடு: கட்சி வெறுப்பும் கொள்கை வேறுபாடும் ஒன்றா?

கெடிலக்கரை | 12.07.2025

எதிர்க்கட்சிக்காரனைப் பிடிக்காமல் போவதை அரசியல் ஆய்வாளர்கள் தனியாக அளந்து ஆராய்கிறார்களாம். கொள்கை வேறுபாடு ஒன்று, கட்சி வெறுப்பு வேறொன்று என்கிறார்கள். எனக்கு இது தலைமுடியைப் பிளப்பதுபோல் இருக்கிறது. கொள்கை ஒத்துவரவில்லை என்றால் ஆளையும் பிடிக்காது. கொள்கையில் தூரம் கூடினால் வெறுப்பும் கூடும். அப்புறம் இரண்டாவதாக அளக்க என்ன இருக்கிறது? யாராவது ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள்: கொள்கையில் துளி வித்தியாசம் இல்லை, வெறுப்பு மட்டும் முழுசாக இருக்கிறது என்று. காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 12.07.2025, இரவு

உதாரணம் என் மேசை மேலேயே இருக்கிறது. மூன்றாவது ப்ரூஃப்.

ஆவணியில் கல்யாணம். இரண்டு வீட்டாரும் ஒரே சாதி, நடந்து போகிற தூரத்தில் வீடு. பெண்ணும் பையனும் ஒன்றாகப் படித்தவர்கள். வழக்கமாகப் பெண் வீட்டார் தனியாக, மாப்பிள்ளை வீட்டார் தனியாகப் பத்திரிகை அடிப்பார்கள். இவர்கள் செலவைப் பார்த்து ஒரே பத்திரிகையாக 800 அடிக்கலாம் என்று பேசிக்கொண்டுதான் வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு கழகம், பையனின் அப்பா இன்னொரு கழகம். யார் எது என்று எழுத மாட்டேன்.

பத்திரிகையின் ஓரத்தில் மெல்லிய கரை போடலாம் என்று நான்தான் வாய் தவறிச் சொன்னேன். வேட்டிக்கரை மாதிரி. இருவருக்கும் பிடித்துவிட்டது. கறுப்பும் சிவப்பும் இரண்டு பேருக்கும் பொது. தி.மு.க. கரை வேட்டி கறுப்பு, சிவப்பு. அ.தி.மு.க. வேட்டியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அந்த வெள்ளை வேண்டுமா, வேண்டாமா? இதில்தான் நின்றது.

எங்கள் அச்சில் வெள்ளை என்று தனி மை போடுவதில்லை. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் அட்டையை அச்சடிக்காமல் விட்டால் அதுதான் வெள்ளை. மை படாத அந்த 2 மில்லிமீட்டருக்காக இரண்டு சம்பந்திகளும் என் கடையில் முக்கால் மணி நேரம் குரல் உயர்த்திப் பேசினார்கள். கடைசியில் ஒருவர் "இவனுங்க கூட உக்காந்து சாப்பிடணுமேன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்கு அரை மணி முன்னால், டிடிபி செய்யும் பையன் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, இதே இருவரும் பேசியதைக் கேட்டேன். நீட் வேண்டாம். இந்தி கட்டாயம் கூடாது. நெய்வேலிக்கு நிலம் எடுப்பதில் நம் மாவட்டத்துக்காரனுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ரேஷன் எல்லோருக்கும் இருக்க வேண்டும். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தார்.

கொள்கையில் துளி வித்தியாசம் கேட்டீர்களே. நானும் தேடிப் பார்த்தேன்.

கெடிலக்கரை | 13.07.2025

அக்கா, இது கௌரவப் பிரச்சினை. சம்பந்திச் சண்டை எந்த வீட்டில் இல்லை? கட்சி இல்லாவிட்டால் சாம்பாரில் உப்பு என்று ஆரம்பித்திருப்பார்கள்.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 13.07.2025

இருக்கலாம். ஆனால் உப்பு விஷயத்தில் யாரும் "இவனுங்க" என்று பன்மையில் பேச மாட்டார்கள். "அந்த மனுஷன்" என்பார்கள். அவர் சொன்னது எதிரில் இருந்த ஒருவரை அல்ல. ஒரு கூட்டத்தை.

லாஸ்பேட்டை | 14.07.2025

நான் புதுச்சேரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அச்சகத்துக்காரர் தெரியாமலே இந்தத் துறையின் பழைய கேள்வியைத் தொட்டுவிட்டார். அதுவும் சம்பந்தக் கேள்விதான்.

1960இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வுக்காகக் கேட்டார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா? இரண்டு கட்சிக்காரர்களிலும் 100க்கு 5 பேர் அளவில்தான் ஆம் என்றார்கள். 2010இல் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் வருத்தம்தான் என்றார்கள். சாந்தோ ஐயங்காரும் கௌரவ் சூடும் யிஃப்டாக் லெல்கெஸும் 2012இல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: கொள்கையில் மக்கள் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து இந்த வெறுப்பை விளக்க முடியவில்லை. அது சாதி, மதம்போல் ஒரு "நாங்கள், அவர்கள்" உணர்வாக வேலை செய்கிறது. உணர்வுத் துருவமாதல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். வகுப்பில் நான் கட்சி வெறுப்பு என்றே சொல்லிவிடுவேன்.

கெடிலக்கரைக்கு ஒன்று: தமிழ்நாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1972இல் ஒரே கட்சி இரண்டானது. இருமொழிக் கொள்கை, 69 சதவீதம், எல்லோருக்கும் ரேஷன், இவை எந்த ஆட்சி வந்தாலும் அப்படியேதான் இருக்கின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989இல் கலைஞர் ஆட்சி முட்டையைச் சேர்த்தது. ஒருவர் சமைத்த தட்டில் இன்னொருவர் முட்டை வைத்தார், தட்டைத் தூக்கி எறியவில்லை. அப்படியிருந்தும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போனால் செய்தி ஆகிற காலம் ஒன்று இருந்தது.

ஓ.டி. வாசி | 14.07.2025

இதெல்லாம் வாட்ஸாப் வந்த பிறகு வந்த நோய்ங்க. குடும்ப குரூப்ல எங்க சித்தப்பாவும் மாமாவும் பேசுறதே இல்லை. போனைப் பிடுங்கினா எல்லாம் சரியாகிடும். இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு?

மஞ்சக்குப்பம் அச்சகம் | 15.07.2025

ஓ.டி. தம்பி, 1980களில் என் மாமனார் இந்த அச்சகத்தை நடத்தினார். அப்போது ஒரு கட்சியின் சுவரொட்டியை அடித்தால் மறு கட்சிக்காரர் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட வேறு கடைக்குப் போவார் என்று சொல்லியிருக்கிறார். ஈய எழுத்துக் கோத்த காலம். போனே கிடையாது.

லாஸ்பேட்டை | 15.07.2025

ஓ.டி. வாசி சொல்வதில் பாதி சரி. 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் பேஸ்புக்கை அணைத்து வைக்கச் சிலருக்குப் பணம் கொடுத்தார்கள். அணைத்தவர்களிடம் கொள்கைக் கருத்துகளில் இருந்த பிளவு குறைந்தது. எதிர்க்கட்சிக்காரர் மேல் இருந்த கசப்பில் உறுதியாகச் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை. போனைப் பிடுங்கினால் ஒன்று இறங்கியது, மற்றது அசையவில்லை. இரண்டும் ஒன்றே என்றால் இரண்டும் சேர்ந்துதானே இறங்கியிருக்க வேண்டும்? இது ஓ.டி. வாசிக்கு மட்டுமல்ல, கெடிலக்கரைக்கும் பதில்.

நான்கு வாரம் என்பது குறைந்த காலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடக் கசப்பு நான்கு வாரத்தில் இறங்குமா என்ற கேள்வி நியாயமானது.

கரைவலை | 16.07.2025

எங்க பக்கத்துல கட்சியெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சுருக்குமடி வலைதான் பிரச்சினை. அது இருக்கிற ஊருக்கும் இல்லாத ஊருக்கும் கடல்லயே அடிதடி நடந்திருக்கு. ஒரே கட்சிக் கொடி கட்டின ரெண்டு படகு மோதிக்கிட்டதை நான் பார்த்திருக்கேன். நீங்க வெள்ளைக் கோட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க. வயித்துப் பொழப்பைப் பத்திப் பேசுங்க.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 16.07.2025, இரவு

அண்ணே, நீங்கள் இழை மாறி வந்தீர்கள் என்று முதலில் நினைத்தேன். சாயங்காலம் முழுக்க யோசித்தபோது, எனக்கு வேண்டிய மறுபாதி உங்கள் பதிவில்தான் இருக்கிறது என்று பட்டது.

உங்களுடையது அசல் கொள்கைச் சண்டை. சுருக்குமடி போட்டால் எங்களுக்கு மீன் மிஞ்சாது என்று சின்ன வலைக்காரர் சொல்கிறார். கடனை வாங்கி வலை வாங்கிவிட்டேன், எப்படிக் கட்டுவேன் என்று மற்றவர் கேட்கிறார். 2000இலேயே மாநிலத்தில் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், காலையிலிருந்து மாலைக்குள் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. இரண்டு தரப்புக்கும் அது திருப்தி இல்லை. ஆனால் பாருங்கள்: எத்தனை மைல், எத்தனை நாள், எத்தனை மணி. பேரம் பேச எண் இருக்கிறது. ஒருவர் மூன்று நாள் கேட்கலாம், மற்றவர் ஒரு நாள் என்கலாம்.

என் கடையில் அன்றைக்கு எதைப் பேரம் பேசுவது? 2 மில்லிமீட்டரை 1 ஆக்கட்டுமா என்று நானே கேட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

இன்னொன்றும் உங்களிடமிருந்து கற்றேன். கொள்கைச் சண்டை என்றால் சாந்தமாக நடக்கும், கட்சி வெறுப்புதான் அடிதடியில் முடியும் என்று மனதில் வைத்திருந்தேன். தவறு. உங்கள் சண்டையில் ரத்தமே வந்திருக்கிறது. என் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் தொடக்கூட இல்லை. சூடு எவ்வளவு என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கரைவலை | 17.07.2025

சரிதான். ஆனா அந்த ஊருக்காரன் எவன் வந்தாலும் இப்ப எங்களுக்குப் பிடிக்கிறதில்லை, வலை இல்லாதவன் வந்தாலும். இதை எதுல சேர்ப்பீங்க?

மஞ்சக்குப்பம் அச்சகம் | 17.07.2025

தெரியவில்லை அண்ணே. எண்ணில் ஆரம்பித்தது ஆளுக்குத் தாவிவிட்டது என்று தோன்றுகிறது.

கெடிலக்கரை | 19.07.2025

கல்யாணக் கேள்வியையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் கேட்கலாம். இங்கே சம்பந்தம் என்றால் சாதியைத்தான் முதலில் பார்ப்பான். "எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கொடுப்பாயா" என்று கேட்டால் மனசுக்குள் அந்தக் கட்சியில் எந்தச் சாதி அதிகம் என்று கணக்குப் போட்டுவிட்டு "மாட்டேன்" என்பான். அது கட்சி வெறுப்பா?

லாஸ்பேட்டை | 19.07.2025

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சரியான அடி.

அமெரிக்காவிலேயே அந்தக் கேள்வி அடி வாங்கியிருக்கிறது. சமாரா க்ளார், யன்னா க்ருப்னிகோவ், ஜான் பேரி ரயன் மூவரும் 2018இல் ஒரு சின்ன வேலை செய்தார்கள். சிலரிடம் வெறுமனே எதிர்க்கட்சி மருமகன் என்று கேட்டார்கள். சிலரிடம் அந்த மருமகன் அரசியலே அதிகம் பேச மாட்டான் என்று சேர்த்தார்கள். இன்னும் சிலரிடம் ஓயாமல் பேசுவான் என்றார்கள். பேசாத மருமகன் என்றதும் வருத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஓயாமல் பேசுகிறவன் சொந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் வேண்டாம் என்றவர்கள் கணிசம். கேள்வியில் சும்மா "எதிர்க்கட்சிக்காரன்" என்று போட்டால் கேட்பவர் மனதில் வருவது பக்கத்து வீட்டு வாக்காளர் அல்ல, கொடி பிடித்து வாய் ஓயாமல் பேசுகிற ஆள். பழைய எண்களில் ஒரு பங்கு கட்சி வெறுப்பு, ஒரு பங்கு அரசியல் பேச்சின் மேலேயே இருக்கிற சலிப்பு.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 20.07.2025, ஞாயிறு

சாதி விஷயத்தில் கெடிலக்கரைக்கு நூறு மார்க். அதனால் வேறு கேள்வி தேடினேன். என் தொழிலிலேயே ஒன்று இருக்கிறது.

பத்திரிகை அடித்ததும் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். நேரில் வைக்க வேண்டியவர்கள், தபாலில் அனுப்ப வேண்டியவர்கள், போனில் படம் அனுப்பினால் போதும் என்கிறவர்கள். நேரில் வைப்பது என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் போய், குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைப்பது. பக்கத்து வீடாக இருந்தும் போனில் மட்டும் படம் அனுப்பினால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் சாதிக்குள் நின்றுவிடும், தாம்பாளம் நிற்காது. எல்லாச் சாதிக்காரர் வீட்டுக்கும் பத்திரிகை வைக்கிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

(எல்லாச் சாதிக்கும் என்று எழுதியது மிகை. நேற்று வந்த ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். காலனிப் பக்கம் நேரில் என்று ஒரு பெயர்கூட இல்லை. திருத்திக்கொள்கிறேன். சம்பந்தத்தைவிட எல்லை அகலம், அவ்வளவுதான்.)

எங்கள் பைண்டர் மாமாவிடம் பரீட்சித்தேன். 60 வயதைத் தாண்டியவர், இளவயதிலிருந்து ஒரே கட்சி. லாஸ்பேட்டை சார் தனியாகச் சொல்லிக்கொடுத்த வெப்பமானி முறை: 0 என்றால் ஜில்லென்று வெறுப்பு, 100 என்றால் நெஞ்சார அன்பு, 50 என்றால் இரண்டும் இல்லை.

மறு கட்சித் தலைமைக்கு? "சைபர்."
கட்சிக்கு? "பத்து."
அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற சாதாரண ஆளுக்கு? பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எதிர் வீட்டு வாத்தியார் அந்தக் கட்சிதான். அறுபது."
பத்திரிகை எப்படி வைப்பீங்க? "நேர்லதான். என்னம்மா கேள்வி இது?"

ஆக, தலைவருக்கு சைபர், வாக்காளருக்கு 60. "எதிர்க்கட்சி" என்று கேள்வியில் போட்டால் எதை நினைத்துப் பதில் சொல்வார் என்று தெரியாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. நம் ஊரில் வெறுப்பு மேல் மாடியில் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்கு மனம் லேசாகிவிட்டது.

லாஸ்பேட்டை | 20.07.2025

லேசாக்கிக்கொள்ளாதீர்கள். "எதிர் வீட்டு வாத்தியார்" என்று அவர் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். முகம் தெரியாத வாக்காளரைக் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 21.07.2025

கேட்டேன். "அடுத்த தெருவுல, உங்களுக்குத் தெரியாத ஒருத்தர், அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுறவர்." யோசிக்கவே இல்லை. "பத்து."

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாத்தியாரின் 60, வாத்தியாருக்கு மட்டும்தான்.

லாஸ்பேட்டை | 22.07.2025

அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் இதே வெப்பமானியை 1970களின் கடைசியிலிருந்து கட்சிகளுக்கு வைத்துப் பார்க்கிறார்கள். சொந்தக் கட்சிக்கு 70 அளவில் பெரிய மாற்றமில்லாமல் நிற்கிறது. எதிர்க்கட்சிக்கு ஆரம்பத்தில் 50ஐ ஒட்டி இருந்தது 2020இல் 20 அளவுக்கு இறங்கிவிட்டது. சொந்த வீட்டின் மேல் பாசம் கூடவில்லை, எதிர் வீட்டின் மேல் கசப்பு கூடியிருக்கிறது. இடைவெளியை மட்டும் பார்த்தால் இந்த விஷயம் தெரியாது.

கெடிலக்கரை | 24.07.2025

இவ்வளவு நாள் படித்ததில் ஒன்று புரிகிறது, ஒன்று புரியவில்லை. கட்சிப் பெயரே கொள்கைக்குக் குறிச்சொல் இல்லையா? ஒருத்தன் இந்தக் கட்சி என்றால் அவன் எதை ஆதரிப்பான் என்று ஊகித்துவிடுகிறேன். ஊகித்த கொள்கைக்காக வெறுக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பெயருக்காக வெறுக்கிற மாதிரி தெரியும். எப்படிப் பிரிப்பீர்கள்?

லாஸ்பேட்டை | 24.07.2025

இந்தத் துறையில் இன்னும் தீராத சண்டை இது. நீங்கள் கேட்டதையே லில்லா ஓரும் கிரிகரி ஹூபரும் 2020இல் கேட்டார்கள். ஓர் ஆளைப் பற்றிக் கட்சிப் பெயரை மட்டும் சொன்னால் வெறுப்பு நிறைய. அதோடு அவருடைய கொள்கை நிலைகளையும் சொன்னால் கட்சிப் பெயரின் பலம் நன்றாக இறங்குகிறது. கொள்கையின் பலம் தெரிகிறது. அதாவது கட்சி வெறுப்பு என்று அளந்ததில் ஒரு பகுதி நீங்கள் சொல்லும் ஊகம்தான். ஆனால் கட்சிப் பெயரின் பலம் முழுசாக மறைவதில்லை.

மறுபக்கத்தில் உதவித்தொகைச் சோதனை இருக்கிறது. ஐயங்காரும் ஷான் வெஸ்ட்வுடும் 2015இல் வெளியிட்டது. இரண்டு பள்ளி மாணவர் விண்ணப்பம், யாருக்குக் கொடுக்கலாம்? மதிப்பெண் இருக்கும், நடுவில் ஒரு மாணவர் சங்கத்தின் பெயரில் கட்சி தெரியும். 100க்கு 80 பேர் அளவில் தங்கள் கட்சிப் பிள்ளையைத்தான் எடுத்தார்கள். எதிர்க்கட்சிப் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுதலாக இருந்தபோதும் பெரும்பாலோர் மாறவில்லை. படிப்புக்கான உதவித்தொகையில் கொள்கை ஊகத்துக்கு என்ன வேலை?

எந்தப் பக்கம் எவ்வளவு என்று கேட்டால், இடத்துக்கு இடம் மாறும் என்றுதான் சொல்வேன். கட்சிகள் கொள்கையில் தெளிவாகப் பிரிந்திருக்கும் ஊரில் கட்சிப் பெயர் நல்ல குறிச்சொல். இரண்டு கழகத்துக்கு நடுவில் அந்தக் குறிச்சொல்லால் எதை ஊகிக்க முடியும்? அதனால்தான் அச்சகத்துக்காரரின் உதாரணம் எனக்கு விலை உயர்ந்ததாகத் தெரிகிறது.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 26.07.2025

நேற்று மாப்பிள்ளையின் அப்பா அட்வான்ஸ் கொடுக்க வந்தார். மாற்றிப் போட்டுப் பார்க்கும் முறையை அவரிடம் முயன்றேன். பெயரை மட்டும் மாற்ற வேண்டும், திட்டம் அப்படியே இருக்க வேண்டும். பள்ளியில் காலைச் சாப்பாடு பற்றிப் பேச்சை எடுத்து, "மத்தவங்க ஆட்சியில இதைக் கொண்டு வந்திருந்தா?" என்றேன்.

"ஓட்டுக்காகக் கொண்டு வந்திருப்பாங்க. பிள்ளைங்க நல்லா சாப்பிட்டிருக்கும், அதுவேற." திட்டத்தைக் குறை சொல்லவில்லை. செய்கிறவனின் மனதைக் குறை சொன்னார். கொள்கையில் மாறுபடுகிறவன் "இந்தத் திட்டம் தப்பு" என்பான். இவர் "திட்டம் சரி, எண்ணம் தப்பு" என்கிறார். கெடிலக்கரை தம்பி, உங்கள் ஊகக் கணக்கில் இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கெடிலக்கரை | 26.07.2025

ஒப்புக்கொள்கிறேன். முழுசாக இல்லை. கழகங்களுக்கு மட்டும். மற்றக் கட்சிகளை எடுத்தால் நான் சொன்னதும் நிற்கும்.

லாஸ்பேட்டை | 29.07.2025

புதுச்சேரியைப் பற்றியும் ஒன்று. இங்கே தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30, வாக்காளர் மொத்தம் 10 லட்சம் அளவு. ஒரு தொகுதிக்கு 30 ஆயிரம் சொச்சம். கடலூரில் ஒரு தொகுதிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், இங்கே அப்படி இல்லை. எம்.எல்.ஏ. யார் வீட்டுத் துக்கத்துக்கு வந்தார், வரவில்லை என்று தெருவுக்கே தெரியும். ரங்கசாமி 2001இல் காங்கிரஸ் முதல்வர். 2011இல் தனிக் கட்சி தொடங்கினார். 2021இல் பா.ஜ.க.வுடன் சேர்ந்து முதல்வர். அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பலர் கூடவே வந்தார்கள். இங்கே கசப்பும் பாசமும் கட்சியைவிட ஆளைச் சுற்றியே கட்டியிருக்கிறது. அதனால் இரண்டு கட்சி நாட்டு வெப்பமானியை அப்படியே கொண்டு வந்து வைத்தால் தப்பாகக் காட்டும். பல கட்சி இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனியாக மார்க் வாங்கி, மார்க்குகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கட்சியின் பலத்துக்குத் தகுந்தபடி பார்க்க வேண்டும். கூட்டணியில் இருக்கும் கட்சிக்கு மார்க் கூடும் என்று ஐரோப்பிய நாடுகளில் பார்த்திருக்கிறார்கள், கொள்கை கிட்ட வராமலே.

ஓ.டி. வாசி | 29.07.2025

கூட்டணி வெச்சா நேத்து திட்டினவனை இன்னிக்கு அண்ணன்னு கூப்பிடுறான். இதுக்கா ஐரோப்பா போகணும் சார், எங்க தெரு முனைக்கு வாங்க.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 02.08.2025

கரை விவகாரம் முடிந்தது. ஒரே பத்திரிகை என்பது போய், 400 ஒரு மாதிரி, 400 இன்னொரு மாதிரி. இரண்டுக்கும் தனித்தனி ப்ளேட். ஒரே பத்திரிகைக்கு ஆவதைவிட ஐந்தாயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. முகூர்த்தமும் மண்டபமும் பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டு கட்டையும் பக்கத்தில் அடுக்கி வைத்தால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. பைண்டர் மாமா கலந்துவிடாமல் இருக்க ஒரு கட்டுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போட்டார்.

பெண் வந்து இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துப் போனாள். "எங்க ஹெச்.ஆர். கேட்டா எதைக் கொடுக்கிறதுன்னு தெரியல அக்கா" என்றாள். சிரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 01.09.2025

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. நானும் பைண்டர் மாமாவும் போயிருந்தோம். மண்டபத்தில் யாரும் சண்டை போடவில்லை. மேடைக்குக் கீழே நாற்காலிகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்தன. முதல் வரிசையில் இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை. நடுவில் நாலைந்து நாற்காலி காலி. பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள்.

பந்தியில் அந்தப் பிரிவு நிற்கவில்லை. இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதானே. மாமாவுக்குப் பக்கத்து இலை அடுத்த தெருவிலிருந்து வந்தவர், மறு கட்சி. மூட்டுவலிக்கு எந்த டாக்டர் என்பதில் ஆரம்பித்து, பாயசம் வருகிற வரை பேசினார்கள்.

இன்று காலை கடை திறந்ததும் கேட்டேன். நேற்றுப் பேசினீங்களே, அவருக்கு எவ்வளவு?

"எழுபது. நல்ல மனுஷன்."

அடுத்த தெருவில் நீங்கள் இன்னும் பார்க்காத இன்னொருத்தருக்கு?

"அதான் அன்னிக்கே சொன்னேனே. பத்து."

லாஸ்பேட்டை | 01.09.2025

நேரில் பழகினால் அந்த ஆளுக்கு ஏறுகிறது, கூட்டத்துக்கு ஏறுவதில்லை. எத்தனை பேருடன் பழகினால் கூட்டத்துக்கும் ஏறும் என்பதுதான் கேள்வி. மாமாவை விட்டுவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் அச்சகம் | 02.09.2025

விடவில்லை. பெண்ணின் அப்பா தலை தீபாவளி அழைப்புக்குக் கார்டு கேட்டிருக்கிறார், 50 போதுமாம். கரை வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ப்ரூஃப் பார்க்க வருகிறார்.